சுவருக்குள் போகும் பச்சைக் கம்பி: என்னிடம் தொழில் பழகிய தம்பிக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிக்கு,

வருகிற தை மாதத்தோடு நான் பையைக் கீழே வைக்கிறேன். 1978-ல் கோவில்பட்டியில் ஒரு ஒயரிங் மேஸ்திரியிடம் எடுபிடியாகச் சேர்ந்தவன் நான். இப்போது முழங்கால் ஏணியில் ஏற மறுக்கிறது. ஸ்க்ரூவின் பள்ளத்தைக் கண்ணால் பார்க்க முடியாமல் விரலால் தடவித் தேடுகிறேன். இந்த வேலையைக் குத்துமதிப்பாகச் செய்யக் கூடாது. அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

போன மாதம் அந்த மாடி வீட்டில் எர்த் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது நீ ஒன்று கேட்டாய். சாயங்காலம் ஐந்து மணி, வானம் கறுத்து வருகிறது, குழி இன்னும் இரண்டடி இறங்க வேண்டும். கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்று, "அண்ணாச்சி, இதை யார் பார்க்கப் போறா?" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற பரபரப்பு. ராத்திரி படுத்த பிறகும் அந்தக் கேள்வி காதிலேயே இருந்தது. சோம்பேறித்தனத்தில் கேட்ட கேள்வி இல்லை அது, எனக்குத் தெரியும். உண்மையிலேயே யாரும் பார்க்கப் போவதில்லை. உன்னைப் போல் எத்தனையோ பிள்ளைகள் இன்றைக்கு எங்கோ ஒரு குழிக்குள் நின்று இதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

ஒரு வீட்டில் ஓடும் கம்பிகளில் கரண்ட் வரும் ஃபேஸ் அறுந்தால் லைட் எரியாது, உடனே நமக்கு ஃபோன் வரும். அது திரும்பிப் போகும் நியூட்ரல் அறுந்தாலும் அப்படித்தான். கசியும் கரண்ட்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த், அந்தப் பச்சைக் கம்பி மட்டும் வேறு. அது இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும், ஃபிரிட்ஜ் குளிரும், மோட்டார் தண்ணீர் ஏற்றும், டி.வி. ஓடும். எர்த் இல்லாத வீட்டில் எதுவும் நின்றுபோகாது. வீட்டுக்காரர் இருபது வருஷம் குடியிருந்து பேரன் பேத்தி எடுத்தாலும் அவருக்குத் தெரியவராது. நம் வேலையில் கள்ளத்தனம் செய்ய இதைவிடத் தோதான இடம் கிடையாது. நம் வேலையிலேயே பெரிய வேலையும் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

போன சித்திரையில் நாம் போன அந்த வீட்டை நினைத்துப்பார். பின்கட்டில் வாஷிங் மெஷின். கட்டி 11 வருஷமான வீடு. அந்த அக்கா, "லேசா சுர்ருங்குது. செருப்புப் போட்டுக்கிட்டா ஒண்ணும் செய்யாது" என்றார். மெஷின் கம்பெனியிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து பார்த்து, மெஷினில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனதாகவும் சொன்னார். வந்தவர் பொய் சொல்லிவிட்டார் என்று நீ நினைத்தாய். அவர் சொன்னது நிஜம்.

நான் மல்டிமீட்டரை எடுத்து பிளக்கில் வைத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 231 வோல்ட், சரி. மெஷின் சொருகியிருக்கும்போது அதன் உடம்புக்கும் நியூட்ரலுக்கும் இடையில் வைத்தால் 110-க்குப் பக்கம் காட்டியது. அந்த எண்ணை மறக்காதே. இப்போது வருகிற மெஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்குள்ளும் கரண்ட்டைச் சுத்தம் செய்ய ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் ஃபேஸிலிருந்து ஒரு சின்ன கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து ஒன்று, இரண்டும் மெஷினின் உடம்பில் வந்து சேரும். எர்த் இருந்தால் அந்தத் துளிக் கசிவு சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் உடம்பு இரண்டுக்கும் நடுவில் தொங்கும், 230-ல் பாதி வோல்ட்டில் நிற்கும். ஈரக் கையால் தொட்டால் சுர்ரென்னும். நல்ல மெஷினிலேயே பாதி வோல்ட் காட்டினால் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் நாம் பின்தொடர்ந்தோம். பிளக்கைக் கழற்றினால் பச்சைக் கம்பி அழகாக ஸ்க்ரூவில் இருக்கிறது. சுவிட்ச் பாக்ஸிலும் இருக்கிறது. வீட்டுக் கம்பியெல்லாம் வந்து சேரும் மெயின் டி.பி.-யில் எல்லாப் பச்சையும் எர்த் பாரில் வரிசையாக முறுக்கி மாட்டியிருக்கிறது. அந்த வேலையைப் பார்த்து, "செஞ்சவரு கெட்டிக்காரருண்ணாச்சி" என்று நீ சொன்னாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். கடைசியாக வெளியே போய் எர்த் குழிக்கு மேலிருக்கும் சிமென்ட் தொட்டியின் மூடியைத் தூக்கினோம். உள்ளே பைப் தலை தெரிந்தது. எட்டாம் கேஜ் ஜி.ஐ. கம்பியை அதில் பிடித்திருந்த போல்ட் துருப்பிடித்துப் பொடியாகிக் கிடந்தது. தொட்டதும் கம்பி தனியாக வந்துவிட்டது. சரி, போல்ட்தான் கோளாறு, மாற்றிவிட்டால் முடிந்தது என்று பைப்பை ஒரு கையால் பிடித்து ஆட்டினேன். ஆடியது. இழுத்தேன். வந்துவிட்டது.

ஒன்றரை அடிப் பைப். வெட்டிய முனையில் ரம்பம் போட்ட தடம்கூட அழியவில்லை.

நீ அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். உன் முழங்கை அளவுதான் இருந்தது. இரண்டரை மீட்டர், அதாவது எட்டடிக்கு மேல் இறங்கியிருக்க வேண்டிய பைப். வீட்டுக்குள் அவ்வளவு சுத்தமாக வேலை செய்த கைதான் இதையும் செய்திருக்கிறது. உள்ளே வேலை நடந்தபோது வீட்டுக்காரர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். குழி போட்ட அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. செய்தவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை, நீயும் விசாரிக்காதே.

அந்தப் பைப்பை உடனே தூக்கிப் போடாமல், திரும்ப அதே இடத்தில் இறக்கி மண்ணைக் குத்தி, எர்த் டெஸ்டர் போட்டு அளக்கச் சொன்னேன். எதற்கு வீண் வேலை என்று உன் முகத்தில் தெரிந்தது. 180 ஓம் காட்டியது, மண்ணுக்குப் போகும் வழியில் அவ்வளவு தடை. கரிசல் மண் எர்த்துக்கு நல்ல மண். ஆனால் சித்திரை வெயிலில் மேல்மண் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, பைப்பை விட்டு விலகி நிற்கும். ஈரம் இருப்பது கீழே. ஒன்றரை அடிப் பைப் அந்த ஈரத்தைப் பார்த்ததே இல்லை.

இந்த 180-ஐ வைத்துக் கணக்குப் போட்டுப் பார். மெஷினுக்குள் ஃபேஸ் கம்பி தோல் உரிந்து உடம்பில் நேராகப் பட்டுவிட்டது என்று வை. 230-ஐ 180-ஆல் வகுத்தால் ஒன்றே கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். அந்த பிளக்குக்கு மேலே இருப்பது, கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழும் 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றே கால் ஆம்பியர் அதற்குத் தெரியவே தெரியாது. மெஷின் உடம்பு கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டில் நாள் முழுக்க நிற்கும். பின்கட்டு ஈரத் தரை. அந்த அக்கா வந்து துணி எடுக்கக் குனிவார்.

போல்ட் துருப்பிடித்தது அந்தக் குடும்பத்தின் நல்ல நேரம். போல்ட் நன்றாக இருந்திருந்தால் ஃபில்டரின் துளிக் கசிவு அந்த ஒன்றரை அடிப் பைப் வழியாகவே மண்ணுக்குப் போயிருக்கும். சுர்ரென்றே இருக்காது. யாரும் நம்மைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நிஜமான கோளாறு வரும் நாள் வரைக்கும் அந்த எர்த் நல்ல எர்த் என்றே பேர் வாங்கியிருக்கும். பார்க்கப் போவது யார் என்று நீ கேட்ட நேரத்தில் எனக்கு மனதில் வந்தது அந்தப் பைப்தான்.

வீட்டுக்காரர் இன்னொன்றும் சொன்னார். வீட்டை ஒப்படைத்தபோது ஃபேஸிலிருந்து எர்த்துக்கு 100 வாட் குண்டு பல்பு போட்டுக் காட்டினார்களாம், பளிச்சென்று எரிந்ததாம். எரிந்திருக்கும். அந்த பல்பே எரியும்போது ஐந்நூறு ஓமுக்கு மேல். புதுக் குழியில் தண்ணீர் ஊற்றி எர்த் 60 ஓமாக இருந்திருந்தால்கூட பல்புக்கு 200 வோல்ட்டுக்கு மேல் கிடைத்திருக்கும். பகல் வெளிச்சத்தில் யாருக்கு வித்தியாசம் தெரியும்? கம்பி அறுபடாமல் மண்ணைத் தொடுகிறது என்பதை மட்டும் பல்பு சொல்லும். எவ்வளவு நல்லது என்பதை அது சொல்லாது. அந்த பல்பை நம்பி நானும் பல வருஷம் வேலை செய்திருக்கிறேன். எர்த் டெஸ்டர் வாங்கிய பிறகு அந்தப் பழைய வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் அளந்தேன். நான்கு வீட்டில் குழியைத் திரும்பத் தோண்டினேன், காசு வாங்கவில்லை.

இதைவிட மோசமான ஒன்றும் செய்திருக்கிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

1981. மேஸ்திரி வெளியூர் போயிருந்தார். ஒரு வீட்டில் முடிக்கும் வேலையை என்னிடம் விட்டிருந்தார். இஸ்திரிப் பெட்டிக்கு வைத்த த்ரீ பின் பாயின்ட்டில் எர்த் கம்பி எட்டவில்லை, அரை முழம் குறைந்தது. சுவர் பூசி வெள்ளையும் அடித்தாகிவிட்டது. வேறு கம்பி இழுக்க வேண்டுமென்றால் பூச்சை உடைக்க வேண்டும். நான் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்து எர்த் பின்னில் போட்டு மூடிவிட்டேன். பல்பு போட்டுப் பார்த்தேன், எரிந்தது. ரொம்பப் புத்திசாலித்தனமாகச் செய்துவிட்டதாக ஒரு சந்தோஷம்கூட வந்தது.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரி வந்தார். எல்லா பிளக்கையும் கழற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். பார்த்தவர் ஒன்றும் திட்டவில்லை. இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி அந்த பிளக்கில் சொருகி மேசைமேல் வைத்தார். கூடத்து லைட் சுவிட்சைப் போட்டார். மெயினில் நியூட்ரல் லிங்க்கை மட்டும் பிடுங்கினார். லைட் அணைந்தது. வீட்டில் கரண்ட் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். கரண்ட் இருந்தால் எரியும் ஸ்க்ரூ டிரைவர் டெஸ்டரை என் கையில் கொடுத்து இஸ்திரிப் பெட்டியின் இரும்பில் வைக்கச் சொன்னார். டெஸ்டர் சிவப்பாக எரிந்தது. "இப்ப கையால தொடு" என்றார்.

நான் அப்படியே நின்றேன். அணைந்திருக்கும் அந்த பல்பின் இழை வழியாக ஃபேஸ் நியூட்ரல் கம்பிக்கு வந்து, நான் போட்ட துண்டு வழியாக இஸ்திரிப் பெட்டியின் உடம்புக்கு ஏறியிருந்தது. கம்பத்தில் ஒரு நியூட்ரல் அறுந்தால் போதும், வீட்டுப் பெண்கள் பிடிக்கும் பெட்டி ஃபேஸ் கம்பியாகிவிடும். எர்த்தே இல்லாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு ஆபத்து இல்லை. பூச்சை நானே உடைத்தேன், நானே பூசினேன், வெள்ளையடித்தேன். மூன்று நாள் கூலி போனது. மேஸ்திரி வீட்டுக்காரரிடம் என் பெயரைச் சொல்லவில்லை, "வேலையில ஒரு குறை, சரி பண்றோம்" என்று மட்டும் சொன்னார். அதற்காக இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன். நியூட்ரலிலிருந்து எர்த் எடுக்கும் இந்த வேலையை நீ எந்த வீட்டில் பார்த்தாலும், வேறு வேலைக்குப் போயிருந்தாலும், சொல்லாமல் வராதே.

இப்போதெல்லாம் பையன்கள், "ஆர்.சி.சி.பி. போட்டாச்சே, எர்த் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். ஆர்.சி.சி.பி. உயிர் காக்கும் சாமான், அதில் சந்தேகமே இல்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். அந்த வீட்டுக்கும் நாம் போட்டோம். ஆனால் எர்த் இல்லாத வீட்டில் அது விழ வேண்டுமென்றால் முதலில் ஒருவர் உடம்பு வழியாகக் கரண்ட் மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இருந்தால் கோளாறு வந்த நொடியிலேயே விழும், யாரும் தொடவே வேண்டாம். இன்னொன்று, அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு எர்த் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்த பட்டன் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. எர்த் கம்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குழியே இல்லாத வீட்டிலும் பட்டன் வேலை செய்யும்.

அந்த வீட்டுக்கு நாம் போட்ட குழியை நீ உன் கையாலேயே போட்டாய். சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி, குளியலறைத் தண்ணீர் போகும் பக்கமாக இடம் பார்த்தோம். 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. பைப், இரண்டரை மீட்டர், பக்கவாட்டில் துளை போட்டது. நான் சின்ன வயதில் உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டுவேன். உப்பு நன்றாகத்தான் வேலை செய்யும், ஆனால் மழைக்குக் கரைந்து போகும், பைப்பையும் அரித்துவிடும். அதனால் இப்போது பென்டோனைட் களிமண் கலந்து போடுகிறோம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே கம்பியைப் பிடிக்கும் இடத்தில் லக் போட்டு, இரண்டு பக்கமும் வாஷர் வைத்து முறுக்கி, கிரீஸ் தடவினோம்.

அளந்ததையும் நீதான் செய்தாய். வீட்டுக் கம்பியைப் பைப்பிலிருந்து கழற்றிவிட்டு, தெருவோரமாக 25 மீட்டரில் எர்த் டெஸ்டரின் ஒரு குச்சி, 15 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஒரு குச்சி. 4 ஓம் காட்டியது. நடுக் குச்சியை ஒரு மீட்டர் முன்னே நகர்த்தினாய், பின்னே நகர்த்தினாய், எண் மாறவில்லை. மாறியிருந்தால் முதல் எண்ணையும் நம்பக் கூடாது, குச்சியை இன்னும் தள்ளிப் போட வேண்டும். 4 ஓம் என்றால் அதே கோளாறில் ஐம்பது ஆம்பியருக்கு மேல் ஓடும், எம்.சி.பி. சில நொடியில் விழும், அதற்கு முன்னாலேயே ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கும். நீ மூடியைப் போட்டு மேலே இரண்டு கை மண்ணைத் தள்ளினாய். வெளியிலிருந்து பார்த்தால் காலையில் இருந்த தொட்டிக்கும் சாயங்காலம் இருந்த தொட்டிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பஸ்ஸில் வரும்போது நீ ஒன்றும் பேசவில்லை, ஆனால் உன் முகத்தை நான் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை வீட்டுக்காரரால் உனக்குக் கொடுக்க முடியாது, நானும் கொடுக்க முடியாது. எட்டடி கீழே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும், அவ்வளவுதான். நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியது அதில்தான்.

எர்த் டெஸ்டரை உனக்கு வைத்திருக்கிறேன். அதன் பெட்டியில் ஒரு நோட்டு இருக்கும். நான் எர்த் போட்ட வீடுகள், தேதி, எத்தனை அடி இறங்கியது, எத்தனை ஓம், அன்றைக்கு மழையா வெயிலா, எல்லாம் அதில் இருக்கிறது. ஐப்பசியில் எடுத்த அளவை நம்பாதே. மழையில் எந்தக் குழியும் நல்ல குழிதான். சித்திரை கடைசியில் எடுத்த அளவுக்குப் பக்கத்தில் மட்டும் நான் டிக் போட்டிருப்பேன். டிக் இல்லாத வீடு ஏழு இருக்கிறது.

முதலில் கழுகுமலை ரோட்டில் வேப்பமரம் நிற்கும் அந்த ஓட்டு வீட்டுக்குப் போ. அங்கே ஆறடியில் பாறை வந்துவிட்டது. ஐந்து மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு பைப் இறக்கி ஒன்றாகச் சேர்த்தேன், கார்த்திகையில் 11 ஓம் இருந்தது. கோடையில் எவ்வளவு ஏறியிருக்கும் என்று தெரியாது, மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 20-க்கு மேல் காட்டினால் கிணற்றுப் பக்கமாக மூன்றாவது பைப் போட்டுவிடு. பைப் காசு நான் தருகிறேன். வீட்டுக்காரர் பகலில் இருக்க மாட்டார், கேட் சாவி பக்கத்து வீட்டு அம்மாவிடம் இருக்கும், என் பேரைச் சொல்லிக் கேள்.

உன் அண்ணாச்சி